விபத்துக்குப் பிறகு வராமல் போகும் சம்பளம்: சிங்கப்பூரில் மொத்தத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கேள்வி பதில்

"என் கணவர் லாரி ஓட்டி மாதம் 3,200 வெள்ளி வாங்கினார். தீவு விரைவுச்சாலையில் நடந்த விபத்தில் முட்டி போய்விட்டது. இப்போது தேக்காவில் ஒரு கடையில் கல்லாவில் உட்காருகிறார், வாரத்துக்கு 4 நாள்தான், 1,900 வெள்ளி. வயது 40. இன்னும் 25 வருடத்துக்குக் குறைகிற பணத்தைக் கூட்டி அப்படியே கேட்கலாமா?"

கூட்டிப் பார்க்கலாம், ஆனால் அந்தத் தொகை அப்படியே கிடைக்காது. ஏன் என்பதை உங்கள் கணவரின் எண்களை வைத்தே பார்ப்போம்.

முதலில் ஒரு வருடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று எடுக்க வேண்டும். 3,200-க்கும் 1,900-க்கும் உள்ள வித்தியாசம் மாதம் 1,300 வெள்ளி, ஆனால் அது பாதிக் கணக்கு. முதலாளி தன் பங்குக்குப் போடும் மசேநி பணமும் போகிறது. 55 வயது வரை அது சம்பளத்தில் 17 சதவீதம், அதாவது 1,300-க்கு 221 வெள்ளி. ஆக மாதம் 1,521, வருடத்துக்கு 18,252 வெள்ளி. (55-க்கு மேல் முதலாளியின் பங்கு குறையும். இங்கே கணக்கு புரிவதற்காக ஒரே அளவாக வைத்துக்கொள்கிறேன்.)

25 ஆல் பெருக்கினால் 456,300 வெள்ளி. ஆனால் இது 25 வருடமாகத் துளித்துளியாக வரவேண்டிய பணம். நீதிமன்றமோ மொத்தத்தையும் இன்றைக்கே கையில் தரச் சொல்கிறது. இன்று வாங்கிய பணம் சும்மா கிடக்காது, வட்டி சம்பாதிக்கும். அந்த வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொண்டுதான் தொகையைத் தீர்மானிக்கிறார்கள்.

வருடத்துக்கு 3 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். முதல் வருடக் கடைசியில் வரவேண்டிய 18,252 வெள்ளிக்கு இன்று 17,720 வெள்ளி இருந்தால் போதும். பத்தாவது வருடத்துக்கு உரியதற்கு இன்று சுமார் 13,580. இருபத்தைந்தாவது வருடத்துக்கு உரியதற்கு வெறும் 8,717. இப்படி 25 வருடத்தையும் தனித்தனியாக இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் சுமார் 317,800 வெள்ளி வருகிறது.

இதையே சுருக்கமாகச் செய்ய ஒரு எண் இருக்கிறது. 25 வருடம், 3 சதவீதம் என்றால் 17.413. வக்கீல்கள் மல்டிப்ளையர் என்று சொல்வது இதைத்தான். ஆண்டு இழப்பை இதனால் பெருக்கினால் முடிந்தது. எக்செல் வைத்திருப்பவர்கள் நேராகவே போட்டுப் பார்க்கலாம்:

```
=PV(3%,25,-18252)
```

"அந்த 317,800 உண்மையிலேயே 65 வயது வரை தாங்குமா? காகிதத்தில்தான் சரியாக இருக்கிறதா?"

தாங்கும், 3 சதவீதம் உண்மையிலேயே கிடைத்தால். முதல் வருடம் சுமார் 9,535 வெள்ளி வட்டி வரும், அதிலிருந்தும் அசலிலிருந்தும் சேர்த்து 18,252 எடுப்பீர்கள், மிச்சம் 309,100. அடுத்த வருடம் வட்டி கொஞ்சம் குறையும், எடுப்பது அதே அளவு. ஆரம்பத்தில் அசல் மெதுவாகக் கரையும், போகப்போக வேகமாகக் கரையும், 25-ஆம் வருடக் கடைசியில் பூஜ்யமாகும். பூஜ்யமாவதுதான் நோக்கம். அதற்கு மேல் ஒரு காசு மிஞ்சினால் எதிர்த்தரப்பு கூடுதலாகக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம், முன்னாலேயே தீர்ந்தால் குறைவாகக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

பணத்தை டெபாசிட்டில்தான் போட வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக் கடனை அடைத்தாலும் சரி, ஊரில் நிலம் வாங்கினாலும் சரி. ஆனால் கணக்கு பத்திரமான முதலீட்டை நினைத்துப் போடப்பட்டது. காயம்பட்டவர் பங்குச்சந்தையில் துணிந்து இறங்கித்தான் பிழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

"3 சதவீதம் என்று யார் முடிவு செய்தது? 1 அல்லது 5 ஏன் இல்லை?"

நான் உதாரணத்துக்கு எடுத்தது, அவ்வளவுதான். ஆனால் சரியான இடத்தில் கேட்டீர்கள். சண்டை முழுக்க இந்த எண்ணில்தான் இருக்கிறது. அதே 18,252, அதே 25 வருடம். 1 சதவீதம் கழித்தால் சுமார் 402,000 வெள்ளி. 2 சதவீதம் என்றால் 356,300. 5 சதவீதம் என்றால் 257,200. முட்டியில் எந்த மாற்றமும் இல்லை, சம்பளச் சீட்டில் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் 1-க்கும் 5-க்கும் நடுவில் ஏறக்குறைய 145,000 வெள்ளி வித்தியாசம்.

இங்கிலாந்தில் இந்த விகிதத்தை அரசாங்கமே அறிவித்துவிடுகிறது. 2001-இல் 2.5 சதவீதம் என்று வைத்தார்கள். 2017-இல் அதைப் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.75-க்கு இறக்கினார்கள். 2019-இல் மைனஸ் 0.25. 2025 ஜனவரியிலிருந்து 0.5. சிங்கப்பூரில் அப்படி ஓர் அறிவிப்பு கிடையாது. இங்கே நெடுங்காலமாக நீதிபதிகள் பழைய தீர்ப்புகளைப் பார்த்து, இந்த வயதுக்காரருக்கு முன்பு இத்தனை மல்டிப்ளையர் கொடுத்திருக்கிறார்கள், இவருக்கும் அதை ஒட்டிக் கொடுப்போம் என்று போனார்கள். அந்தப் பழைய எண்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே 4 முதல் 5 சதவீதம் கழிவு ஒளிந்திருக்கும். வங்கியில் 1 சதவீதம்கூடக் கிடைக்காத காலத்தில் இது எப்படி நியாயம் என்று கேட்டு ஒரு வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2014-இல் நீதிமன்றம் பழைய முறையை மாற்ற மறுத்துவிட்டது.

பிறகு மாற்றம் வேறு வழியில் வந்தது. ஆயுளையும் வட்டியையும் வைத்துக் கணக்கிடும் நிபுணர்களை ஆக்சுவரி என்பார்கள்; அப்படிக் கணக்கிட்ட ஆக்சுவரியல் அட்டவணைகள் சிங்கப்பூருக்கென்றே தயாரிக்கப்பட்டன. 2021 ஏப்ரல் 1 முதல் விசாரிக்கப்படும் வழக்குகளில், பொருந்தாது என்று காட்டும் சூழ்நிலை இருந்தாலொழிய, நீதிமன்றம் அந்த அட்டவணைகளைத்தான் பார்க்கும். ஆணா பெண்ணா, இப்போது என்ன வயது, எந்த வயது வரையிலான வருமானம் என்று தேடினால் மல்டிப்ளையர் கிடைக்கும். ஆகவே உங்கள் வழக்கில் நான் சொன்ன 17.413-ஐ எழுதிக்கொண்டு போகாதீர்கள். அட்டவணையில் உங்கள் கணவரின் வயதுக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று வக்கீலிடம் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, 2021-க்கு முந்தைய தீர்ப்பு ஒன்றைக் காட்டி யாராவது பேரம் பேசினால் உஷாராக இருங்கள். அந்தப் பழைய 4, 5 சதவீதம் அதற்குள் உட்கார்ந்திருக்கும்.

"விலைவாசி ஏறுகிறதே, சம்பளமும் ஏறியிருக்குமே. அதைச் சேர்க்கவே இல்லையே?"

வேறு பெயரில் சேர்ந்திருக்கிறது. கணக்கில் 18,252 என்பது இன்றைய காசு மதிப்பில் உள்ள எண், அதை ஏற்றவே இல்லை. அதனால் கழிக்கும் விகிதத்திலும் விலைவாசியை நீக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வங்கி 3 சதவீதம் தந்து, விலைவாசி 2 சதவீதம் ஏறினால், கையில் உண்மையாக நிற்பது ஏறக்குறைய 1 சதவீதம்தான். கழிக்க வேண்டியதும் அந்த 1 தான்.

வங்கியின் முழு வட்டியையும் கழித்து, சம்பளத்தை மட்டும் இன்றைய அளவிலேயே உறைய வைத்தால் காயம்பட்டவர் இரண்டு முறை அடி வாங்குகிறார். பழைய 5 சதவீதத்தின் மேல் இருந்த குறையும் இதுதான்.

பதவி உயர்வு வேறு சங்கதி. அது விலைவாசி இல்லை. லாரி ஓட்டுநர் அடுத்த வருடம் கனரகக் கிரேன் லைசன்ஸ் எடுக்கவிருந்தார், பயிற்சிக்குப் பணமும் கட்டிவிட்டார் என்றால் அந்த ரசீது ஆதாரம். பிறகு ஆண்டு இழப்பையே இரண்டு கட்டமாகப் போடச் சொல்லலாம். "நன்றாக வந்திருப்பார்" என்று மட்டும் சொன்னால் போதாது.

"அட்டவணை எண்ணிலிருந்து இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்கிறது எதிர்த்தரப்பு. நியாயமா?"

எதற்காகக் குறைக்கிறார்கள் என்று கேளுங்கள். மொத்தமாக முன்கூட்டியே கிடைப்பதற்கா? அது அட்டவணை எண்ணுக்குள்ளேயே கழிந்துவிட்டது. 65-க்கு முன்னால் இறந்துபோகும் வாய்ப்புக்கா? அதுவும் உள்ளேயே இருக்கிறது, ஆயுள் கணக்கு இல்லாமல் ஆக்சுவரி எண் கிடையாது. இந்த இரண்டில் எதற்காகக் குறைத்தாலும் ஒரே கழிவை இரண்டு முறை போடுகிறார்கள்.

வேலை போவது, விபத்தோடு தொடர்பில்லாத நோய் வருவது, தொழிலே சுருங்குவது போன்றவற்றுக்காகக் குறைக்கலாமா என்பது பேச வேண்டிய விஷயம்தான். உங்கள் கணவருக்கு முன்பே சர்க்கரை நோய் முற்றியிருந்தால் எதிர்த்தரப்பின் வாதத்துக்குக் கொஞ்சம் வலு உண்டு. எதுவுமே சொல்லாமல் "வாழ்க்கையில் எதுவும் நடக்கலாம்" என்று 10 சதவீதம் கழித்தால், 317,800-இல் 31,780 போகிறது. அதற்குக் காரணம் கேட்பதில் தப்பே இல்லை.

எந்த வயது வரை என்பதும் இதே போன்ற இடம். சட்டப்படியான ஓய்வு வயது 2022 ஜூலையிலிருந்து 63, 2026 ஜூலை 1 முதல் 64. அதற்கு மேலும் மறுவேலைவாய்ப்பு உண்டு. அதனால் ஓய்வு வயதோடு எல்லாம் முடிந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. அதே சமயம் மூட்டை தூக்குகிறவர் 70 வரை தூக்கியிருப்பார் என்றும் நீதிபதி நம்ப மாட்டார். உங்கள் கணவரின் கம்பெனியில் 65 வயதில் லாரி ஓட்டுகிறவர் இருக்கிறாரா? இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

"என் தம்பி வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறான், வயது 30. இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கும் சிங்கப்பூர்ச் சம்பளத்தை 60 வயது வரை போடுவார்களா?"

பெரும்பாலும் இரண்டாகப் பிரிப்பார்கள். இங்கே இன்னும் எத்தனை வருடம் வேலை பார்த்திருப்பான் என்று ஒரு கணிப்பு, அதன் பிறகு ஊரில் என்ன சம்பாதித்திருப்பான் என்று இன்னொரு கணிப்பு. ஏற்கெனவே எத்தனை வருடமாக இங்கே இருக்கிறான், சீட்டு எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டது, முதலாளி தொடர்ந்து வைத்திருக்கத் தயாராக இருந்தாரா, இவைதான் முதல் கணிப்பை நிர்ணயிக்கும். வேலை அனுமதியில் இத்தனை வருடம்தான் இருக்கலாம் என்றிருந்த உச்சவரம்பை மனிதவள அமைச்சு 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது, வயது வரம்பும் 63 ஆனது. உச்சவரம்பைக் காட்டி வருடங்களைக் குறைக்கும் பழைய வாதம் இப்போது நிற்காது.

இங்கே 8 வருடம், மாதம் 1,200 வெள்ளி. பிறகு ஊரில் 22 வருடம், மாதம் 300 வெள்ளிக்குச் சமமான ரூபாய். இப்படி ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம், கழிவு அதே 3 சதவீதம். முதல் கட்டம் எளிது. 8 வருடத்துக்கான மல்டிப்ளையர் 7.020, வருடத்துக்கு 14,400, பெருக்கினால் 101,088.

இரண்டாவது கட்டத்தில்தான் தவறு நடக்கும். 22 வருடம்தானே என்று 22-க்கான மல்டிப்ளையரை, அதாவது 15.937-ஐ எடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த 22 வருடம் நாளைக்கே தொடங்கவில்லை, 8 வருடம் கழித்துத் தொடங்குகிறது. அதனால் முழு 30 வருடத்துக்கான 19.600-இலிருந்து முதல் 8 வருடத்துக்கான 7.020-ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் 12.580. வருடத்துக்கு 3,600 வீதம் 45,288 வெள்ளி. தவறான எண்ணைப் போட்டிருந்தால் 57,370-க்கு மேல் வந்திருக்கும். கூடுதலாக வருகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், எதிர்த்தரப்பு ஆக்சுவரி கண்டுபிடித்தால் மற்ற எண்களின் மேலும் நீதிபதிக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஆக மொத்தம் 146,376. ஊர்ச் சம்பளத்துக்கும் ஆதாரம் வேண்டும். சிங்கப்பூர் வருவதற்கு முன் பார்த்த வேலையின் சம்பளச் சீட்டு, அதே தொழிலில் ஊரில் இருக்கும் அண்ணன் தம்பி என்ன வாங்குகிறார் என்ற சாட்சியம், இப்படி எதையாவது கொடுக்காவிட்டால் நீதிபதி கையில் கிடைத்த குறைந்த எண்ணோடு நின்றுவிடுவார்.

"வேலையிடத்தில் நடந்த விபத்து என்றால் மனிதவள அமைச்சு வழியாகவே வாங்கிவிடலாமே?"

வாங்கலாம், யார் தவறு என்று நிரூபிக்கவும் வேண்டாம். ஆனால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் மேலே சொன்ன கணக்கு கிடையாது. சராசரி மாதச் சம்பளம், வயதுக்கான காரணி, உடலின் நிரந்தரக் குறைபாட்டுச் சதவீதம் ஆகிய மூன்றையும் பெருக்குவார்கள், மேலே ஒரு வரம்பும் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு நிரந்தரக் குறைபாட்டுக்கான உச்சம் 346,000 வெள்ளி. ஒரே காயத்துக்கு இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளம் அதிகமாகவும், வயது குறைவாகவும், முதலாளியின் அலட்சியத்துக்கு நல்ல ஆதாரமும் இருந்தால் நீதிமன்றம் பார்க்கத் தகுந்தது. தன்மேலும் தவறு இருக்கிறது என்றால் அமைச்சு வழிதான் நிம்மதி.

நீதிமன்றம் போனால் தவறைப் பங்கு பிரிப்பார்கள். உங்கள் கணவரின் பங்கு 20 சதவீதம் என்று தீர்ப்பானால் 317,800 கடைசியில் 254,240 ஆகிவிடும். காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 3 வருடத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

"ஓவர்டைம் பணத்தைக் கையில்தான் கொடுப்பார்கள். அதைச் சேர்க்கலாமா?"

நிரூபிக்க முடிந்தால் சேர்க்கலாம். நீதிமன்றம் முதலில் பார்ப்பது வருமான வரிக் கணிப்பும் மசேநி கணக்கும். 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை, அதையும் கேட்பார்கள். இவை மூன்றிலும் இல்லாத வருமானத்தை "வாய்க்கு வந்தபடி" என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். வரியில் காட்டாத பணத்தை நீதிமன்றத்தில் காட்டும்போது ஏற்படும் சங்கடம் தனி. தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும்: செயலியில் தெரியும் வசூல் வருமானம் அல்ல, கார் வாடகையும் பெட்ரோலும் போக நிற்பதுதான்.

மறுபக்கமும் உண்டு. இப்போது வாங்கும் 1,900-ஐவிட அதிகம் சம்பாதித்திருக்க முடியும் என்று எதிர்த்தரப்பு சொன்னால், ஆண்டு இழப்பே சுருங்கிவிடும். எந்தெந்த வேலைக்கு விண்ணப்பித்தார், என்ன பதில் வந்தது என்பதை எடுத்து வையுங்கள். எவ்வளவு நேரம் நிற்க முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும் என்று நிபுணர் எழுதிய அறிக்கையும் தேவை.

"எனக்குச் சம்பளம் குறையவில்லை. அதே முதலாளி அதே சம்பளத்தில் வைத்திருக்கிறார். அப்போ ஒன்றும் கிடைக்காதா?"

எதிர்கால வருமான இழப்பு என்ற தலைப்பில் கிடைக்காது, பெருக்குவதற்கு ஆண்டு இழப்பு இல்லையே. ஆனால் நாளை அந்த வேலை போனால் வெளிச் சந்தையில் மற்றவர்களோடு போட்டி போட முடியுமா என்பது கேள்வி. அந்த ஆபத்து உண்மையானது என்று காட்டினால் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்ற தலைப்பில் ஒரு தொகை கிடைக்கும். அதற்கு மல்டிப்ளையர் இல்லை, நீதிபதி மதிப்பிட்டுக் கொடுப்பது. பெரும்பாலும் சிறிய தொகைதான்.

"விபத்து நடந்து வழக்கு முடியவே 3 வருடம் ஆகிவிட்டது. அந்த 3 வருடத்துக்கும் கழிவு உண்டா?"

கிடையாது. இழப்பீட்டை மதிப்பிடும் நாள் வரை போன சம்பளம் கடந்தகால இழப்பு, முழுசாகக் கூட்டி வட்டியோடு வாங்கலாம். வழக்கமாக ஆண்டுக்கு 5.33 சதவீதத்தில் பாதி. மல்டிப்ளையர் அந்த நாளிலிருந்துதான் தொடங்கும், விபத்து நாளிலிருந்து அல்ல. எதிர்கால இழப்புக்கு வட்டி கிடையாது, அது இன்னும் வராத பணம்.

"காப்புறுதி நிறுவனம் வருமான இழப்புக்கு மட்டும் 180,000 வெள்ளி தருகிறேன் என்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?"

அந்தத் தொகையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 180,000-ஐ 18,252 ஆல் வகுத்தால் சுமார் 9.86. அதாவது அவர்கள் கொடுக்கும் மல்டிப்ளையர் அது. 3 சதவீத வட்டியில் இந்தப் பணம் 12 வருடம்கூட முழுசாக வராது, உங்கள் கணவருக்கு 52 ஆவதற்குள் தீர்ந்துவிடும். 25 வருடம் வரவேண்டும் என்றால் ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட 9 சதவீதம் சம்பாதித்தாக வேண்டும், அதுவும் விலைவாசிக்கு மேல்.

இதனாலேயே அது மோசமான தொகை என்று சொல்லிவிட முடியாது. தவறில் உங்கள் கணவருக்கும் பெரிய பங்கு இருக்கலாம், அல்லது 1,900-க்கு மேல் சம்பாதிக்க முடியும் என்று அவர்கள் நினைக்கலாம். அதனால் மூன்று எண்ணைத் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள்: ஆண்டு இழப்பு எவ்வளவு என்று எடுத்தீர்கள், மல்டிப்ளையர் எவ்வளவு, தவறின் பங்குக்கு எவ்வளவு கழித்தீர்கள். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல மாட்டேன் என்றால் கையெழுத்துப் போட அவசரம் வேண்டாம். ஒரு முறை முழுத் தீர்வுக்கு ஒப்புக்கொண்டால், 5 வருடம் கழித்து முட்டி மோசமாகி வேலையே போனாலும் மறுபடி கேட்க வழியில்லை.